நண்பர்கள் ஒன்றுகூடலுக்குத் தேதி குறிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி முடித்து இருபது ஆண்டுகளான நாங்கள் 14 பேர், திருச்சியில் இரண்டு நாள் ஒன்றுகூட முடிவெடுத்தோம். சென்னையில் ஐவர், பெங்களூரில் மூவர், கோவையில் இருவர், மதுரையில் ஒருவர் என்று 11 பேர் உள்நாட்டில் இருந்தார்கள். மற்ற மூவர் சிங்கப்பூர், துபாய், நியூ ஜெர்சி என்று மூன்று திசைகளில் இருந்தார்கள். முதல் முறை அந்த முயற்சி தேதி குறிப்பதிலேயே நின்றுபோனது. வர விருப்பமில்லாமல் யாரும் விலகவில்லை. கேட்ட முறை தவறு என்பது மறு ஆண்டு அதே 14 பேரிடம் வேறு விதமாகக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

முதல் தவறு, குழுவில் பொதுவாக “டிசம்பர்ல எல்லாருக்கும் எப்போ வசதி?” என்று கேட்டது. இந்தக் கேள்விக்கு யாரும் தேதி சொல்ல மாட்டார்கள். “எனக்கு எப்போன்னாலும் ஓகே” என்று நான்கு பேரும், “மத்தவங்க சொல்லட்டும்” என்று மூன்று பேரும் எழுதுவார்கள், அதற்குள் பேச்சு பழைய விடுதி சாப்பாட்டுக்குப் போய்விடும். அவர்கள் பொய் சொல்வதில்லை. ஒரு குறிப்பிட்ட சனிக்கிழமையைக் கண்ணெதிரே வைத்தால்தான் அன்றைக்கு மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம் இருப்பதே ஒருவருக்கு நினைவுக்கு வரும்.

பொதுக்கேள்வி பலிக்காததைப் பார்த்து, அடுத்ததாக வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் ஒன்பது தேதிகளைப் போட்டேன். அதோடு, ஒருவர் ஒரு தேதியை மட்டுமே தேர்ந்தெடுக்கும்படி அமைத்துவிட்டேன். ஓட்டுகள் ஆறு தேதிகளில் சிதறின. அதிகபட்சமாக ஒரு தேதிக்குக் கிடைத்தவை மூன்று. ஒரே ஒரு தேதியைத் தொடச் சொன்னால் மனிதர்கள் தங்களுக்கு மிகவும் பிடித்த நாளைத் தொடுவார்களே தவிர, வரக்கூடிய மற்ற நாட்களைச் சொல்ல வழியே இல்லை. நமக்குத் தெரிய வேண்டியது விருப்பம் அல்ல, இயலும் நாட்கள். ஆகவே வாக்கெடுப்பை உருவாக்கும்போது பல விடைகளை அனுமதிக்கும் பொத்தான் இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். “வர முடிந்த எல்லாத் தேதிகளையும் தொடவும்” என்று கேள்வியிலேயே எழுதிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் 12 விடைகள் வரை சேர்க்க இடமுண்டு என்பதற்காகப் பன்னிரண்டையும் நிரப்பக் கூடாது. மூன்று அல்லது நான்கு தேதிகளைத் தாண்டினால் யாரும் தம் நாட்காட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதில்லை.

அந்த மூன்று நான்கு தேதிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் வேலையின் பாதி இருக்கிறது, அந்தப் பாதி குழுவுக்கு வெளியே நடக்க வேண்டியது. எல்லாருடைய நாட்களும் ஒரே அளவு நெகிழ்வானவை அல்ல. மறு ஆண்டு, அதாவது 2025 அக்டோபரில், குழுவில் எதையும் எழுதுவதற்கு முன் நியூ ஜெர்சி நண்பரிடம் தனியாகக் கேட்டேன். அவர் டிசம்பர் 19 அன்று இறங்கி, ஜனவரி 6 அன்று திரும்புகிறார். அதன்பின் அடுத்த வருகை எப்போது என்று அவருக்கே தெரியாது. இந்த ஒரு பதிலால் குடியரசு தினத்தை ஒட்டிய ஜனவரி 24, 25 பட்டியலிலிருந்து போனது. அது தனியே பார்த்தாலும் நல்ல தேதி அல்ல: தை பிறந்துவிட்டால் வார இறுதிகளில் கல்யாணப் பத்திரிகைகள் வரத் தொடங்கிவிடும், அன்று வருவதாகச் சொன்னவர்களில் சிலர் முகூர்த்தத்துக்குப் போய்விடுவார்கள். மார்கழியில் அந்தத் தொல்லை குறைவு. மிஞ்சியவை டிசம்பர் 20–21, டிசம்பர் 27–28, ஜனவரி 3–4 என்ற மூன்று வார இறுதிகள்.

இம்மூன்றோடு நான்காவதாக, “இந்த மூன்றிலும் வர முடியாது” என்று ஒரு விடையைச் சேர்த்தேன். இதைச் சேர்க்காமல் விடுவதை நான் பெரிய தவறாகக் கருதுகிறேன். ஓட்டுப் போடாத ஒருவர் செய்தியைப் பார்க்கவே இல்லையா, பார்த்துவிட்டு யோசிக்கிறாரா, எந்த நாளிலும் முடியாது என்பதால் பேசாமல் இருக்கிறாரா என்பது வாக்கெடுப்பைப் பார்த்தால் தெரியாது. முடியாது என்று சொல்லவும் ஓர் இடம் கொடுத்துவிட்டால், எதையும் தொடாதவர் இன்னும் பதில் சொல்லாதவர் மட்டுமே என்று உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். கூடவே கெடுவும் வேண்டும். “சீக்கிரம் சொல்லுங்க” என்பது கெடு அல்ல. “அக்டோபர் 26, ஞாயிறு இரவு 9 மணி வரை” என்பது கெடு.

அந்த ஞாயிறு இரவு 14 பேரில் 11 பேர் பதில் சொல்லியிருந்தார்கள். மீதி மூவரை வர விருப்பமில்லாதவர்கள் என்று கணக்கில் எழுதிவிடுவது இந்த இடத்தில் எளிதாக நேரும் தவறு. மூவரையும் போனில் அழைத்தேன். ஒருவர் மாதக்கணக்கில் குழுவை ஒலியடக்கி வைத்திருந்தார், செய்தியையே பார்க்கவில்லை. இன்னொருவர் மருத்துவர், டிசம்பர் மாதப் பணிப்பட்டியல் வராததால் காத்திருந்தார். மூன்றாமவர் வேலை மாறியிருந்த நேரம் அது, ஆகும் செலவை நினைத்துத் தயங்கினார், அதைக் குழுவில் எழுத அவருக்கு மனமில்லை. மூன்று மௌனங்களுக்கும் மூன்று காரணங்கள். தனியே பேசியதால்தான் மூவருடைய நாட்களும் கிடைத்தன. தங்குமிடத்தையும் எல்லாருக்கும் கட்டுப்படியாகும்படி பார்த்துக்கொள்ள முடிந்தது.

எல்லாப் பதில்களும் வந்தபின் டிசம்பர் 20–21க்கு 7, டிசம்பர் 27–28க்கு 11, ஜனவரி 3–4க்கு 10 என்று நின்றது. இந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து டிசம்பர் 27 என்று அறிவித்திருந்தால் தவறியிருப்போம். வாக்கெடுப்பில் ஒரு தொடுதலுக்கு ஒரே எடைதான். உறுதியாக வருபவரும், “பார்க்கலாம்” என்ற எண்ணத்தோடு தொட்டவரும் ஒன்றாகவே எண்ணப்படுவார்கள். டூடுல் என்னும் நாள் குறிக்கும் தளத்தில் ஆம், இல்லை இரண்டுக்கும் நடுவே, தேவைப்பட்டால் வருவேன் என்று சொல்லவும் வழி உண்டு. வாட்ஸ்அப்பில் அது இல்லாததால், முன்னணியில் இருக்கும் இரண்டு தேதிகளுக்கும் யார் யார் ஓட்டுப் போட்டார்கள் என்ற பெயர்ப்பட்டியலைத் திறந்து, ஒவ்வொருவரிடமும் “இன்னைக்கே டிக்கெட் போடச் சொன்னா போட்டுடுவியா?” என்று ஒரே கேள்வியைத் தனியாகக் கேட்டேன்.

டிசம்பர் 27க்கு ஓட்டுப் போட்ட 11 பேரில் நால்வர் தயங்கினார்கள். இருவர் அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளை மாமனார் ஊருக்கு அழைத்துப் போவது பற்றி வீட்டில் இன்னும் பேசி முடிக்கவில்லை. ஒருவர் மாலை போட்டிருப்பார். சபரிமலைக்குப் போகும் குழு எந்த நாளில் கிளம்பும் என்பது அவர் கையில் இல்லை. மருத்துவ நண்பர் நான்காமவர். ஜனவரி 3க்கு ஓட்டுப் போட்ட 10 பேரில் தயங்கியவர் ஒருவர்தான். ஆகவே உறுதியானவர்கள் ஒரு பக்கம் 7, மறுபக்கம் 9. மேலும், அந்த ஆண்டு வைகுண்ட ஏகாதசி டிசம்பர் 30 அன்று வந்ததால், அதற்கு முந்தைய வார இறுதியில் ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் அறை கிடைப்பது சிரமம். ஊரைத் தீர்மானித்துவிட்டு அந்த ஊரின் திருவிழா நாட்களைப் பார்க்காமல் தேதி கொடுத்ததில் என் கவனக்குறைவும் இருந்தது.

அதேபோல, “முடியாது” என்று வந்த பதிலையும் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வற்புறுத்தச் சொல்லவில்லை, எது தடை என்று தெரிந்துகொள்ளத்தான். சிங்கப்பூர் நண்பர் ஜனவரி 3–4ஐத் தொடவில்லை. அழைத்துப் பேசியபோது, பிள்ளைகளுக்குப் பள்ளி திறப்பதால் குடும்பத்தோடு அதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும் என்றார். வருவதென்றால் குடும்பத்தோடுதான் என்று அவர் எண்ணியிருந்தார். நாங்களோ நண்பர்கள் மட்டும் கூடுவதாகத் திட்டமிட்டிருந்தோம், அதைக் கேள்வியில் எழுதத் தவறிவிட்டோம். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானமே இருப்பதால் தனியாக வந்து போக முடியும் என்று அவரே சொன்னார். ஜனவரி 3க்கு உறுதியானவர்கள் 10 ஆனார்கள். குடும்பத்தோடா தனியாகவா, ஒரு நாளா இரவு தங்கலா, எந்த ஊர் என்ற மூன்றையும் வாக்கெடுப்பிலேயே சொல்லாவிட்டால், ஒவ்வொருவரும் மனதில் வேறு வேறு நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு பதில் சொல்லுவார்கள்.

எத்தனை பேர் வந்தால் நடத்துவது என்பதை ஓட்டு எண்ணுவதற்கு முன்பே பேசி வைக்க வேண்டும். நாங்கள் 10 என்று வைத்திருந்தோம். 14 பேரும் வரும் நாளைத் தேடினால் அப்படி ஒரு நாள் கிடைக்காது. அந்தத் தேடல்தான் முதல் ஆண்டு எங்களை மார்ச் வரை இழுத்துச் சென்று, பிள்ளைகளின் பொதுத்தேர்வில் கொண்டுபோய் நிறுத்தியது. விடுபட்டவர்களிடம் குழுவில் அறிவிப்பதற்கு முன்பே தனியாகச் சொல்லிவிட்டேன். தன் பெயர் இல்லாத முடிவை மற்றவர்களோடு சேர்ந்து படிக்கும்போது வரும் வருத்தம் வேறு மாதிரியானது.

முடிவை அறிவிக்கும் நாளை, எல்லாரும் பதில் சொல்லும் வேகத்தைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. ரயிலைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பயண நாளுக்கு 60 நாள் முன்பு, காலை 8 மணிக்கு முன்பதிவு தொடங்குகிறது. ஜனவரி 2, வெள்ளி இரவு எழும்பூரில் ஏற வேண்டியவர்களுக்கு அது நவம்பர் 3. ஞாயிறு இரவு திரும்புவதற்கு நவம்பர் 5. அரையாண்டு விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் கூட்டம் அந்த ஞாயிறன்று இருக்கும் என்பதால், இரண்டு நாள் தாமதித்தாலும் காத்திருப்புப் பட்டியல்தான். அக்டோபர் 26ஐக் கெடுவாக வைத்ததும் இதனால்தான்: போன் பேச மூன்று நாள், அறிவித்தபின் வீட்டில் சொல்லி ஏற்பாடு செய்ய நான்கு நாள்.

அக்டோபர் 30 அன்று குழுவில் எழுதியது இவ்வளவுதான்: “தேதி முடிவாகிவிட்டது. ஜனவரி 3, சனி காலை 10 மணி முதல் ஜனவரி 4, ஞாயிறு மதியச் சாப்பாடு வரை, திருச்சியில். நண்பர்கள் மட்டும். ரயில் முன்பதிவு நவம்பர் 3, திங்கள் காலை 8 மணிக்குத் திறக்கிறது. அறைக்கான முன்பணம் ஆளுக்கு 1,000 ரூபாய், நவம்பர் 5க்குள்.” இதன் முடிவில் மரியாதைக்காக “எல்லாருக்கும் ஓகேதானே?” என்று கேட்கத் தோன்றும். கேட்கக் கூடாது, அந்தக் கேள்வி மூடிய பேச்சை மறுபடி திறந்துவிடும். பழைய வாக்கெடுப்பைக் காட்டியும் பேசக் கூடாது, ஏனெனில் வாட்ஸ்அப்பில் ஓட்டைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், நீங்கள் எண்ணிய கணக்கு அங்கே அப்படியே நிற்காது. முடிவு செய்த இரவே அதைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அறிவித்த மறுநாள் ஒருவர், ஒரு வாரம் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டார். ஒரு வாரம் தள்ளினால் நியூ ஜெர்சி நண்பர் கிளம்பிப் போயிருப்பார் என்பதை மட்டும் சொன்னேன். அவரே தம் வேலையை மாற்றிக்கொண்டார். நவம்பர் 3க்கு முன்பு இத்தகைய கோரிக்கை வந்தால், தள்ளிவைப்பதால் யார் விடுபடுவார் என்று பெயரோடு எண்ணிப் பார்த்துப் பதில் சொல்லலாம். டிக்கெட் எடுத்தபின் வந்தால், வேறு தேதி பார்க்க முடியாது என்று அன்போடு சொல்லிவிட்டு, அவர் சனிக்கிழமை மாலை மட்டுமாவது வந்து போக வழி இருக்கிறதா என்று கேட்பதுதான் சரி.