ஒப்பீட்டுப் பக்கமும் விருப்பப் பட்டியலும்: மின்னணுக் கடைத் தளங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்னணுப் பொருள் கடைகளுக்கு இணையதளம் அமைத்துத் தருவது என் தொழில். அண்மையில் இளைஞர் ஒருவர், தாம் ஒரு கடைக்காகக் கட்டியிருந்த ஒப்பீட்டுப் பக்கத்தைக் காட்டினார். பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் நான் தொடக்கத்தில் செய்த பிழைகள் ஒன்றுகூட விடாமல் அதிலும் இருந்தன. பொத்தானை எங்கே வைப்பது, என்ன நிறம் கொடுப்பது போன்றவற்றை அவரவரே பட்டறிந்துகொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

அளவுகளை வெறும் எழுத்தாகச் சேமிப்பது

என் முதல் ஒப்பீட்டுப் பக்கத்தைக் கோயம்புத்தூரில் ஒரு கடைக்காக மூன்று வாரத்தில் முடித்தேன். தயாரிப்பாளர்கள் அனுப்பிய விவரத்தாளில் இருந்ததை, ஒவ்வொரு பொருளுக்கும் அப்படியே ஒட்டியிருந்தோம். தளம் திறந்த வாரமே முதலாளி அழைத்தார். மூன்று தொலைக்காட்சிகளை அருகருகே வைத்து, ‘வேறுபாடுகளை மட்டும் காட்டு’ என்பதை அழுத்தினால், திரை அளவு மூன்றிலும் வேறு என்று வந்தது: ஒன்றில் 138 செ.மீ., இன்னொன்றில் 139 செ.மீ., மற்றதில் 55 இன்ச். 55 இன்ச் என்பது 139.7 செ.மீ.; அதை ஒவ்வொருவரும் தத்தம் வழக்கப்படி அச்சிடுகிறார்கள். “மூணும் அம்பத்தஞ்சு இன்ச்தானே தம்பி, கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்றார். பதில் என்னிடமும் இல்லை.

மூன்று வாரத்தில் எழுதிய நிரலுக்காக, கடை ஊழியர்கள் இரண்டு மாதம் உட்கார்ந்து விவரங்களை மீண்டும் தட்டச்சு செய்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மீதே எரிச்சல் வருகிறது. செய்திருக்க வேண்டியது எளிது: ஒப்பிடுவதற்கான எண்ணை ஒரே அலகில் தனியாகவும், வாடிக்கையாளர் படிக்கும் வாசகத்தைத் தனியாகவும் வைத்திருக்க வேண்டும்.

```
attr:      screen_size
value_num: 55
unit:      inch
label:     139 செ.மீ. (55 இன்ச்)
```

அலகு ஒன்றானாலும் பொருள் ஒன்றாகிவிடாது என்பதைக் குளிர்பதனப் பெட்டியில்தான் கற்றேன். ஒருவர் மொத்தக் கொள்ளளவை லிட்டரில் தருவார். மற்றவர் உள்ளே பொருள் வைக்கக்கூடிய நிகரக் கொள்ளளவைத் தருவார். இரண்டையும் ஒரே வரியில் வைத்தால், பெட்டி சிறியதாக இருந்தும் பெரியது என்று நம்ப வைத்துவிடுவோம்.

ஏசியில் இது இன்னும் நுட்பமானது. 2022 ஜூலையில் நட்சத்திர வரம்புகள் உயர்த்தப்பட்டபோது, முன்பு ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்த பல ஏசிகள் நான்குக்கு இறங்கின. கிடங்கில் பழைய முத்திரையும் புதிய முத்திரையும் கலந்து கிடந்த அந்த மாதங்களில், நட்சத்திரத்தை மட்டும் ஒப்பிட்ட பக்கம் வாடிக்கையாளரைத் தவறாகத்தான் வழிநடத்தியிருக்கும். முத்திரையின் காலத்தையும், அதில் அச்சான, ஏசியின் மின்சிக்கனத்தைக் குறிக்கும் ஐசீர் எண்ணையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

காலியிடத்தை ‘இல்லை’ என்று காட்டுவது

‘உண்டு’, ‘இல்லை’, ‘தெரியவில்லை’ என மூன்று நிலைகள் வேண்டும். விவரத்தாளில் புளூடூத் பற்றி எதுவும் எழுதப்படாததால் அந்தப் பொருளில் புளூடூத் இல்லை என்று ஆகிவிடாது.

கைபேசித் திரையில் நான்கு பொருள்கள்

இரண்டு போதும்.

விருப்பப் பட்டியலை உலாவியில் மட்டும் வைப்பது

இதயக் குறியை அழுத்தியதும் உள்நுழையச் சொன்னால் பாதிப் பேர் போய்விடுவார்கள் என்று பயந்து, பட்டியலை `localStorage`-இல் வைப்பது வழக்கம். பயம் நியாயமானதுதான். ஆனால் ஒருவர் தளத்தைத் தொடாமல் சஃபாரியை ஏழு நாள் பயன்படுத்தினால், நிரல் அங்கே எழுதி வைத்ததை அது அழித்துவிடும். தொலைக்காட்சி வாங்க நினைப்பவர் பண்டிகைத் தள்ளுபடிக்காக வாரக்கணக்கில் காத்திருப்பவர். அவர் திரும்பி வரும்போது பட்டியல் வெறுமையாக இருக்கும். எனவே சர்வர் அனுப்பும் குக்கியில் ஓர் அடையாள எண்ணை வைத்து, பட்டியலைச் சர்வரிலேயே சேமித்து, பின்னால் அவர் உள்நுழைந்தால் கணக்கோடு இணைப்பது நல்லது.

சேர்த்த நாளின் விலையையும் அப்போதே பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால், ‘நீங்கள் சேர்த்தபோது இருந்ததைவிட விலை குறைந்திருக்கிறது’ என்று பின்னால் எதைக் கொண்டு சொல்வீர்கள்?

தேவையா என்று பார்க்காமலே கட்டுவது

ஒரு பிரிவில் ஏழெட்டு மாடல்கள் மட்டுமே இருந்தால் ஒப்பீட்டு வசதி வேண்டாம். கையால் எழுதிய ஒரே அட்டவணை அதைவிட நன்றாகப் பயன்படும். மாடல்கள் பல இருந்தால், முதலில் விவரங்கள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு பண்புக்கும் ஒரு வரிசை இருக்கும்படி அட்டவணை அமைந்திருந்தால், எண் பண்புகளுக்கு இது போதும்:

```sql
SELECT attr, COUNT(value_num) * 100.0 / COUNT(*)
FROM product_attr
WHERE category = 'tv'
GROUP BY attr;
```

வாங்குபவர் உண்மையில் கேட்கும் ஐந்தாறு பண்புகளில் பாதி வெறுமையாக இருந்தால், நிரல் எழுதுவதை ஒத்திப்போட்டு விவரங்களை நிரப்பத் தொடங்க வேண்டும். புதிய மாடல் வரும்போதெல்லாம் அதை நிரப்ப ஓர் ஊழியரைக் கடைக்காரர் ஒதுக்க மாட்டார் என்றால், கட்டவே வேண்டாம். விருப்பப் பட்டியலும் அப்படித்தான்: விலை குறைந்ததையோ இருப்பு வந்ததையோ தெரிவிக்கும் ஏற்பாடு இல்லையென்றால், அது வாடிக்கையாளர் மறந்துபோகும் ஒரு பக்கமாகவே இருக்கும்.

அந்த இளைஞரின் கடையில் ஒன்பது தொலைக்காட்சிகள் இருந்தன. ஒப்பீட்டுப் பக்கத்தை எடுத்துவிட்டு, ஒன்பதையும் ஓர் அட்டவணையில் எழுதி வைத்தார். அதற்கு ஒரு பிற்பகல் பிடித்தது.