வெட்டாதீர்கள், மேல் டிராக்கில் வையுங்கள்

வீடியோ எடிட் செய்யும்போது, பேசும் வீடியோவின் நடுவே வேறொரு காட்சியைக் காட்ட வேண்டுமா? பேசும் வீடியோவை வெட்டி இடைவெளி உண்டாக்க வேண்டாம். புதிய கிளிப்பை அதற்கு மேலே உள்ள டிராக்கில் இழுத்துப் போடுங்கள், போதும்.

டைம்லைனில் இடமிருந்து வலமாக ஓடுவது நேரம். ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் வரிசைகள்தான் டிராக்குகள். ஒரே நொடியில் இரண்டு டிராக்கிலும் படம் இருந்தால், தாள்களை அடுக்கியதுபோல மேலே இருப்பதே தெரியும். ஆனால் ஒலி மறையாது, எல்லா டிராக்கும் சேர்ந்தே ஒலிக்கும். பேச்சு 1 நிமிடம் ஓடுகிறது, 12 முதல் 16ஆவது நொடி வரை மேல் டிராக்கில் ஒரு கிளிப் இருக்கிறது என்றால், அந்த 4 நொடி படம் மட்டும் மாறும், பேச்சு தொடரும். மேல் கிளிப்பை மியூட் செய்ய மறந்தால் அதன் இரைச்சலும் கூடவே வரும். இடம் சரியில்லையா? கிளிப்பை நகர்த்தினால் சரி, கீழே எதுவும் குலையாது.

பேச்சில் தவறான வாக்கியமே இருந்தால் இது உதவாது. படம் மறைந்தாலும் குரல் கேட்கும், அதை வெட்டித்தான் ஆக வேண்டும். அப்போதும் பயமில்லை, கிளிப் என்பது மூலக் கோப்பின் எந்தப் பகுதி ஓட வேண்டும் என்ற குறிப்புதான், கோப்பு அப்படியே இருக்கும். சில செல்போன் செயலிகளில் மேலே தெரிய வேண்டிய கிளிப்பை வைக்கும் ஓவர்லே வரிசை முதன்மை டிராக்குக்குக் கீழே தெரியும். அங்கே வரிசையைப் பார்க்காமல் முன்னோட்டத்தைப் பாருங்கள்.