சிடிஎஃப் ரெண்டு துண்டா இருந்தா மீடியன் எப்படி எடுக்கறது?

ஒரு வேலை முடிய ஆகுற நேரத்தை X மணின்னு வெச்சுக்கலாம், அதிகபட்சம் 6 மணி. அதோட சிடிஎஃப் இப்படி குடுத்திருக்காங்க:

```
F(x) = 0                 x < 0
F(x) = x²/12             0 ≤ x ≤ 2
F(x) = 1 - (6-x)²/24     2 ≤ x ≤ 6
F(x) = 1                 x > 6
```

F(x)ங்கறது x மணிக்குள்ள வேலை முடியுறதுக்கான ப்ராபபிலிட்டி, அவ்ளோதான். மீடியன்னா அது சரியா பாதியை தொடுற x, அதாவது F(x) = 0.5. டென்சிட்டியை எடுத்து 0.5-க்கு சமம்னு போட்டுடாதீங்க, அது வேற கணக்கு.

நிறைய பேர் உடனே முதல் ஃபார்முலாவுல 0.5 போட்டுடறாங்க. x² = 6, x = 2.449ன்னு வரும், பாக்க நல்ல பதில் மாதிரிதான் இருக்கு, ஆனா அந்த ஃபார்முலா 2 வரைக்கும்தான் செல்லும், 2.449 அதை தாண்டிடுச்சு. அப்போ தப்பான துண்டுல நிக்கறோம்னு அர்த்தம்.

அதனால சால்வ் பண்றதுக்கு முன்னாடி துண்டு மாறுற இடத்துல F எவ்ளோன்னு பாருங்க, எனக்கு இந்த ஒரு ஸ்டெப்தான் மொத்த கணக்குலயும் முக்கியம். F(2) = 4/12 = 1/3. ரெண்டாவது ஃபார்முலாலயும் 1 - 16/24 = 1/3 தான் வருது, ரெண்டும் ஒட்டுது (ஒட்டலைன்னா கேள்வியை தப்பா எழுதியிருக்கீங்க, இல்ல X கன்டினியூஸே இல்ல). 0.5 இந்த 1/3-ஐ விட பெருசு, அதனால மீடியன் ரெண்டாவது துண்டுல இருக்கு:

```
1 - (6-x)²/24 = 0.5
(6-x)² = 12
x = 6 - 3.464 = 2.536
```

வர்க்கமூலத்துக்கு இன்னொரு பதிலும் உண்டு, 9.464, ஆனா X 6-க்கு மேல போகாது, அதை விட்டுடலாம்.

குவான்டைலும் இதே வழிதான், 0.5-க்கு பதிலா வேற எண் வரும், அவ்ளோதான். 0.25 எடுத்தா அது 1/3-ஐ விட சின்னது, அதனால இப்போ முதல் துண்டு: x² = 3, x = 1.732. 0.75-க்கு ரெண்டாவது துண்டு: (6-x)² = 6, x = 3.551.

ப்ராபபிலிட்டி கேட்டா சால்வ் பண்ணவே வேணாம், x-ஐ நேரா போட்டு கழிச்சா போதும், ஆனா ஒவ்வொரு எண்ணுக்கும் அதோட துண்டுல இருக்கற ஃபார்முலாவைத்தான் போடணும். 1-க்கும் 4-க்கும் நடுவுல முடியுறதுக்கு:

```
F(4) = 1 - 4/24 = 20/24
F(1) = 1/12 = 2/24
P(1 < X < 4) = 18/24 = 0.75
```

3 மணிக்கு மேல ஆகுமான்னு கேட்டா 1 - F(3), அதாவது 9/24 = 0.375. இங்க < போட்டாலும் ≤ போட்டாலும் பதில் மாறாது, ஏன்னா கன்டினியூஸ் வேரியபிள்ல ஒரே ஒரு புள்ளிக்கு ப்ராபபிலிட்டி 0.

கடைசியா கிடைச்ச மீடியனை F-ல திருப்பி போட்டு பாருங்க, 1 - (3.464)²/24 கிட்டத்தட்ட 0.5 வரணும்.