‘குறே’ கேட்டால் எவ்வளவு ஏற்றுவது? எல்லையோர வியாபாரத்துக்கு ஒரு செய்முறை

பொள்ளாச்சிப் பக்கத்துக் கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கேரளாவுக்குக் காய்கறியும் வாழை இலையும் அனுப்பத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆர்டர் பாதி தமிழ், பாதி மலையாளமாக வரும். எண்ணே சொல்லாமலும் வரும்.

படி 1: எண் ஜோடிகளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ‘ரெண்டு மூணு’ அங்கே ‘ரண்டு மூந்நு’, ‘நாலஞ்சு’ அங்கேயும் ‘நாலஞ்சு’, ‘ஏழெட்டு’ அங்கேயும் ‘ஏழெட்டு’. எண்ணுக்கு முன்னால் ‘ஒரு’ போட்டால் ‘சுமாராக’ என்று பொருள், அதுவும் இரண்டிலும் ஒன்றுதான். இங்கே குழப்பமே வராது.

படி 2: எண் இல்லாத சொற்களைச் சந்தேகப்படுங்கள். ‘குறச்சு’ என்றால் கொஞ்சம். ‘குறே’ என்றால் நிறைய. நம் காதில் இரண்டுமே ‘குறை’ என்றுதான் விழும், அதனால்தான் புதிதாக வருகிறவர்கள் ‘குறே’ கேட்டவருக்கும் கொஞ்சமாக அனுப்பிவிடுகிறார்கள். ‘ஒருபாடு’ என்பதும் நிறையதான். அப்புறம் ‘இஷ்டம் போலே’. “மாங்ங இஷ்டம் போலே உண்டு” என்றால் மாங்காய் கொட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். நம் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

படி 3: சுமார்ச் சொல்லை எண் ஜோடியாக மாற்றிக் கேளுங்கள். ஓணத்துக்கு முன் ஒருவர் “குறே வாழயில வேணம்” என்கிறார் என்று வையுங்கள். “எத்ர?” என்று மட்டும் கேட்டால் மறுபடியும் “குறே” என்றே பதில் வரலாம். “ஏகதேசம் எத்ர, இருநூறோ முந்நூறோ?” என்று நீங்களே இரண்டு எண்ணை எடுத்துக் கொடுங்கள். “ஒரு முந்நூறு நாநூறு” என்று அவர் திருத்துவார். சின்ன எண்ணை உறுதியான ஆர்டராகவும், பெரிய எண்ணை உச்சவரம்பாகவும் எழுதிக்கொள்ளுங்கள். இலை வாடிவிடும், அதனால் முந்நூறை முதலில் கட்டுங்கள். மிச்ச நூறை அவர் மறுபடி சொன்ன பிறகு அறுத்தால் போதும்.

படி 4: ஆங்கிலத்தில் எழுதும் கடைக்காரர். ‘கப்பிள்’ என்றால் முதல் அர்த்தம் இரண்டுதான். பேச்சில் மூன்று வரை இழுப்பார்கள். பெட்டிக் கணக்கில் அது வந்தால் இரண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ‘பஞ்ச்’ இன்னும் வம்பு. ‘பஞ்ச் ஆஃப் பாக்ஸஸ்’ என்றால் வெறுமனே ஏழெட்டுப் பெட்டி போல ஏதோ ஒரு தொகை. ஆனால் வாழைப்பழத்துக்கு அதே சொல் தாருக்கும் வரும், சீப்புக்கும் வரும். ஒரு தாரில் பல சீப்பு இருப்பதால் தவறு சின்னதாக இருக்காது. தாரா சீப்பா என்று கேளுங்கள். மலையாளத்தில் குலயா படலயா என்று கேட்க வேண்டும்.

‘லோட்ஸ்’ என்று வந்தால் அதை ‘ஏகப்பட்டது’ என்று புரிந்துகொள்ளலாம், பில்லில் எழுத முடியாது. படி 3-க்குப் போங்கள்.