சர்வீஸ் போடும் முன் மனத்தில் ஒரு சர்வீஸ்: இளம் வாலிபால் வீரர்களுக்கு மனக்காட்சியைக் கற்றுக்கொடுக்கும் முறை

பயிற்சியின்போது பத்துக்கு எட்டு சர்வீஸை எதிர்க்களத்தில் இறக்கிவிடும் ஒரு மாணவி, ஆட்டம் 24–24 என்று நிற்கும்போது பந்தை வலையில் அடிக்கிறாள் என்றால், அவளுக்கு சர்வீஸ் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. தெரிந்த ஒன்றை, கைகள் வியர்த்து நெஞ்சு படபடக்கும் நிலையில் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. அந்தப் பழக்கத்தின் ஒரு பகுதியை மனக்காட்சியின் வழியாகக் கொடுக்க முடியும். சர்வீஸை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. வாலிபாலில் எதிரணியின் தலையீடு இல்லாமல் ஆட்டக்காரர் தாமாகத் தொடங்கும் செயல் அது ஒன்றே. நடுவர் விசில் ஊதிய பின் பந்தை அடிக்க எட்டு வினாடி அவகாசம் இருக்கிறது. விசிலுக்கு முன்னும், பந்து கைக்கு வந்து சேரும் வரை, சிறிது நேரம் கிடைக்கிறது.

பெரும்பாலான பயிற்றுநர்கள் இதைத் தொடங்கும் விதத்திலேயே தவறிவிடுகிறார்கள். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, "நீ ஜெயிப்பது போல நினைத்துப் பார்" என்கிறார்கள். பிள்ளைகளும் கோப்பையை வாங்குவது போலவும், எல்லோரும் கைதட்டுவது போலவும் நினைத்துப் பார்க்கிறார்கள். அந்தக் காட்சியில் சர்வீஸ் எங்கும் இல்லை. நமக்கு வேண்டிய காட்சி நான்கைந்து வினாடி நீளமுள்ளது. அதில் கோப்பைக்கு இடமில்லை.

முதல் படி: சர்வீஸ் முதலில் கையில் இருக்கட்டும்

நெருக்கடி இல்லாத பயிற்சியில் பத்துக்கு ஆறு முறையாவது பந்து எதிர்க்களத்தில் விழும் நிலைக்கு வந்த பிறகே மனக்காட்சியைத் தொடங்குங்கள். அதற்கு முன் தொடங்கினால், பிள்ளை தவறான அசைவையே மனத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளும். தொடக்க நிலையினருக்கு ஃப்ளோட் சர்வீஸ் ஏற்றது. பந்தை அடிக்கும் தோளுக்குச் சற்று முன்னால், தலைக்கு மேலே ஓரிரு அடி உயரத்துக்குத் தூக்கி, உள்ளங்கையின் அடிப்பகுதியால் பந்தின் நடுவில் அடித்துக் கையை நிறுத்திவிடுவதே அது. அசைவுகள் குறைவு என்பதால் மனத்தில் பிடித்துவைப்பதும் எளிது.

இரண்டாம் படி: காட்சியைப் பிள்ளையிடமிருந்தே எடுங்கள்

நல்ல சர்வீஸ் ஒன்று விழுந்த அடுத்த நொடியே, மாணவியை நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லி, அதே சர்வீஸை மனத்தில் மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணை மூடுவதும் திறந்திருப்பதும் அவள் விருப்பம். போட்டியில் கண் திறந்தே இருக்கும் என்பதால் போகப் போகத் திறந்த கண்ணுக்கு மாறுவது நல்லது. பந்தைக் கையில் கொடுத்து, கோட்டுக்குப் பின்னால் நிற்கவைத்தே செய்யுங்கள். தரையில் படுத்துக்கொண்டு செய்யும் காட்சி, உடல் நிற்கும் நிலைக்கு ஒட்டாது. விளையாட்டு உளவியல் ஆய்வாளர்களான பால் ஹோம்ஸும் டேவ் காலின்ஸும் 2001-இல் முன்வைத்த மனக்காட்சி மாதிரி வலியுறுத்துவதும் இதைத்தான்: நிற்கும் நிலை, இடம், நேரம், உணர்ச்சி என எல்லாவற்றிலும் காட்சி உண்மையான செயலை ஒத்திருக்க வேண்டும்.

பிறகு கேள்வி கேளுங்கள். "பந்து தெரிந்ததா?" என்று கேட்டால் "தெரிந்தது சார்" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, "எந்தக் காலில் எடை இருந்தது? பந்தைத் தூக்கிய கை எங்கே நின்றது? பந்து உள்ளங்கையில் எங்கே பட்டது? என்ன சத்தம் கேட்டது?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் சொற்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவி அந்தச் சத்தத்தை "டொப்" என்றாள். அதன் பிறகு அவளுடைய காட்சியில் அந்த "டொப்" இருந்தது. நான் எழுதிக் கொடுக்கும் எந்த வாசகமும் அந்த இடத்தில் அவ்வளவு வேலை செய்திருக்காது.

இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: "உன் கண்ணிலிருந்து பார்த்தாயா, வெளியே நின்று உன்னையே பார்த்தாயா?" கைபேசியில் எடுத்த காணொளியைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் பலர் தம்மைத் தாமே வெளியிலிருந்து பார்ப்பதாகச் சொல்வார்கள். அது தவறல்ல, முழங்கை தாழ்வது போன்ற உருவப் பிழையைத் திருத்த வெளிப்பார்வை உதவும். ஆனால் சர்வீஸுக்கு முந்திய கணத்துக்கு உட்பார்வையே பொருத்தம் என்பது என் அனுபவம், ஏனென்றால் எதிரே இருக்கும் வலையும் காலியிடமும் அதில்தான் இருக்கின்றன.

மூன்றாம் படி: நேரத்தை அளந்து பாருங்கள்

அடுத்தவர் மனத்துக்குள் ஓடும் காட்சியை நாம் பார்க்க முடியாது; ஆனால் அளக்க முடியும். பந்தைக் கடைசியாகத் தரையில் தட்டுவதிலிருந்து அது எதிர்க்களத்தில் விழும் வரை உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று நிறுத்துகடிகாரத்தில் பாருங்கள். பின்பு மனத்தில் ஓட்டச் சொல்லி, தொடக்கத்திலும் முடிவிலும் விரலை உயர்த்தச் சொல்லி அதையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும்.

முன்னே சொன்ன, 24–24-இல் வலையில் அடித்த மாணவிக்கு அப்போது பதின்மூன்று வயது. உண்மையான சர்வீஸுக்கு அவளுக்கு நான்கு வினாடி ஆனது. மனத்தில் இரண்டு வினாடிக்குள் முடித்துவிட்டாள். எதை விட்டுவிடுகிறாள் என்று துண்டுதுண்டாகக் கேட்டபோது, பந்தைத் தட்டுவதும் அடிப்பதும் இருந்தன, தூக்குவது இல்லை. போட்டியில் அவள் சர்வீஸ் கெடும் இடமும் அதுவே: அவசரத்தில் பந்தை மிக முன்னால் தூக்கிவிடுவாள், கை அதை எட்டிப் பிடிக்கப் போகும்போது தாழ்ந்துவிடும், பந்து வலைக்குப் போகும். காட்சியில் விடுபடும் இடமே ஆட்டத்தில் உடையும் இடமாக இருப்பதை நான் பலமுறை பார்த்துவிட்டதால், இப்போதெல்லாம் கடிகாரம் இல்லாமல் இந்தப் பயிற்சியைத் தொடங்குவதில்லை.

அவளுக்கு ஒரு வாரம் தூக்குவதை மட்டுமே கொடுத்தேன். பந்தைத் தூக்கி, அடிக்காமல், தோளுக்கு முன்னால் கீழே விழவிடுவாள். பிறகு அதையே மனத்தில் செய்வாள். ஒன்று மனத்தில், ஒன்று களத்தில் என்று மாற்றி மாற்றி, ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் இந்த வயதுப் பிள்ளைகளின் கவனம் கலைந்துவிடும்.

நான்காம் படி: நெருக்கடியை அடுக்கடுக்காகச் சேருங்கள்

அசைவு சரியான நேரத்தில் தெளிவாக ஓடத் தொடங்கிய பிறகு, முதல் நாள் எதிரணியின் ஆறு பேரையும் அவர்கள் நிற்கும் இடத்தையும் சேருங்கள். அடுத்த நாள் கூட்டத்தின் சத்தம். அதற்கடுத்து மதிப்பெண் பலகை. கடைசியாக உடலின் நிலை: வேகமாக அடிக்கும் நெஞ்சு, ஈரமான கை, வறண்ட தொண்டை.

கடைசி அடுக்கைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், அல்லது "பதற்றமே இல்லாமல் அமைதியாக இருப்பதாக நினைத்துக்கொள்" என்று மாற்றிவிடுகிறார்கள். பீட்டர் லாங் என்ற உளவியலாளர் 1979-இலேயே விளக்கிய கருத்து இங்கே பயன்படுகிறது. மனக்காட்சியில் சூழலின் விவரம் மட்டும் போதாது, அந்தச் சூழலுக்கு உடல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதும் இருக்க வேண்டும். அப்போதுதான் காட்சி உடலைத் தொடும். அமைதியான சர்வீஸை மட்டுமே மனத்தில் பார்த்த பிள்ளைக்கு, போட்டியில் நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது ஏதோ தவறு நடந்துவிட்டதாகத் தோன்றும். படபடப்போடு சேர்த்தே நல்ல சர்வீஸ் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு அது அந்தச் செயலின் ஒரு பகுதி.

ஆனால் இந்த அடுக்கில் நிதானம் வேண்டும். ஏற்கனவே மிகுந்த பயத்தில் இருக்கும் பிள்ளையிடம் கூட்டத்தையும் மதிப்பெண்ணையும் ஒரே நாளில் திணித்தால், பயத்தையே பயிற்சி செய்ததாகிவிடும். முகம் இறுகினாலோ மூச்சு மேலேறினாலோ ஓர் அடுக்கைக் குறைத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: மனத்துக்குள்ளேயே பந்து வலையில் பட்டால்

இது கட்டாயம் நடக்கும். "சார், அடிக்கும் வரை நன்றாக இருக்கிறது, அப்புறம் தானாகவே வலையில் போய்ப் பட்டுவிடுகிறது" என்று அந்த மாணவியும் சொன்னாள். இதற்கு "வலையில் அடிக்காதே" என்பது மருந்தாகாது, ஏனென்றால் அந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ளவே மனம் வலையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கோல்ஃப் பந்தைக் குழிக்குத் தள்ளும் செயலை வைத்து 1985-இல் வெளியான ஆய்வொன்றில், பந்து குழியைத் தவறவிடுவதாக மனத்தில் பார்த்தவர்களின் ஆட்டம் கெட்டது. ஆகவே கெட்ட முடிவை மனத்தில் ஓடவிட்டுக்கொண்டே இருப்பது தீங்கற்ற செயல் அல்ல.

நான் செய்வது இது. காட்சியை "டொப்" என்ற சத்தத்தோடு நிறுத்தச் சொல்வேன். பந்து எங்கே போகிறது என்று பார்க்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் அது நின்றால், பந்து வலையைத் தாண்டும் வரை நீட்டுவேன். பிறகு எதிர்க்களத்தின் பின்மூலையில் இறங்கும் வரை. நடுவில் மறுபடி வலையில் பட்டால், அதே இடத்தில் நிறுத்தி, களத்தில் எளிதான சர்வீஸ் ஒன்றைப் போட்டு, அது விழுந்ததும் அதையே மனத்தில் திருப்பி ஓட்டவேண்டும். அவளுக்கு இது சரியாவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆனது.

எவ்வளவு முயன்றாலும் மனத்தில் உருவமே தோன்றாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்தக் கூடாது. கையின் அழுத்தம், காலின் எடை, சத்தம் ஆகியவற்றைக் கொண்டு மட்டும் செய்யச் சொல்லுங்கள். அதுவும் வராவிட்டால் பந்தில்லாமல் கையை மெதுவாக அசைத்துப் பார்ப்பதே போதும்.

ஆறாம் படி: ஆட்டத்துக்குள் பொருத்துதல்

இவ்வளவையும் போட்டியில் செய்ய நேரம் இருக்காது, செய்யவும் கூடாது. காட்சி விசிலுக்கு முன்னால், சர்வீஸ் விசிலுக்குப் பின்னால் என்று பிரித்துவிடுங்கள். பந்து கைக்கு வந்ததும் கோட்டுக்குப் பின்னால் நின்று ஒரு நீண்ட மூச்சு விட்டு, காட்சியை ஒரே ஒரு முறை ஓட்ட வேண்டும். விசில் கேட்டதும் இறங்கும் இடத்தைப் பார்த்து, பந்தை இரண்டு முறை தட்டி, தூக்கி அடிக்க வேண்டும். பந்தைத் தட்டிக்கொள்ள விதி அனுமதிக்கிறது. ஆனால் தூக்குவதற்கு ஒரே வாய்ப்புதான். அவசரத்தில் விசிலுக்கு முன்பே அடித்துவிட்டால் சர்வீஸ் செல்லாது, மறுபடி போட வேண்டும். அந்தக் குழப்பமும் கவனத்தைக் கலைக்கும்.

பயிற்சியில் இதைச் சோதிக்க, ஓடிக் களைத்த நேரத்தில் திடீரென விசில் ஊதி, ஒருத்தியை மட்டும் அழைத்து, மற்றவர்கள் கத்திக்கொண்டிருக்க ஒரே ஒரு சர்வீஸ் போடச் சொல்லுங்கள். இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அவள் விசிலுக்கு முன் மூச்சு விட்டாளா, பந்தை எங்கே தூக்கினாள் என்ற இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பந்து விழுந்ததா என்பது மூன்றாவது. போட்டி நாளில் ஓரத்திலிருந்து நீண்ட அறிவுரை கத்த வேண்டாம். அந்த மாணவி சர்வீஸ் போடப் போகும்போது அவளும் நானும் பேசி வைத்திருந்த சொல் "தோள்" என்பது மட்டும். பந்தை எங்கே தூக்க வேண்டும் என்பதற்கு அவளே தேர்ந்தெடுத்த சொல் அது.