கேஷ் தவறினால் ஒரு கட்டளைக்கு எத்தனை சுழற்சி? ஆயிரம் கட்டளைகளை எண்ணிக் கணக்கிடும் முறை

விடைத்தாள்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழை ஒன்று உண்டு. கேள்வி இப்படி வரும்: ஒரு செயலியின் அடிப்படை சிபிஐ 1.2. கட்டளைக் கேஷின் தவறல் வீதம் 1%, தரவுக் கேஷின் தவறல் வீதம் 5%. கட்டளைகளில் 30% நினைவகத்திலிருந்து படிப்பவை அல்லது அதில் எழுதுபவை. தவறல் ஒவ்வொன்றுக்கும் 80 சுழற்சிகள் செலவாகின்றன. காத்திருப்பையும் சேர்த்தால் சிபிஐ எவ்வளவு?

பலர் 1%-ஐயும் 5%-ஐயும் கூட்டி 6% என்கிறார்கள். அதை 80-ஆல் பெருக்கினால் 4.8. அதனுடன் 1.2 சேர, விடை 6.0. சரியான விடை 3.2 தான். பெருக்கலும் கூட்டலும் பிசகவில்லை. எதற்கு எது வீதம் என்பதில்தான் சறுக்கல். அந்த இடத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

முதலில் சொற்கள்

சிபிஐ என்பது ஒரு கட்டளையை முடிக்கச் சராசரியாக ஆகும் கடிகாரச் சுழற்சிகளின் எண்ணிக்கை. கேஷ் என்பது செயலிக்கு அருகில் இருக்கும் சிறிய, வேகமான நினைவகம். அது ஒருபோதும் தவறாது என்று வைத்துக்கொண்டால் கிடைக்கும் மதிப்பை அடிப்படை சிபிஐ என்கிறோம். தேடியது கேஷில் இல்லாமல் போவதுதான் தவறல். வகுப்பறைகளில் ‘மிஸ்’ என்றே சொல்வார்கள். அப்போது அடுத்த நிலை நினைவகத்திலிருந்து அதைக் கொண்டுவரக் கூடுதலாக ஆகும் சுழற்சிகளே தவறல் தண்டம். இங்கே ‘கூடுதலாக’ என்ற சொல் முக்கியம். கேஷில் தேடுவதற்கு ஆகும் நேரம் அடிப்படை சிபிஐக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. அதைத் தண்டத்திலும் சேர்த்தால் ஒரே நேரத்தை இருமுறை எண்ணியதாகிவிடும்.

ஒரு கட்டளை கேஷை எத்தனை முறை தொடுகிறது?

கீழே உள்ள இரண்டு வரிகளை நிதானமாகப் பாருங்கள்.

```
lw  x5, 0(x10)
add x6, x5, x7
```

`lw` வரியை இயக்க, முதலில் அந்தக் கட்டளையையே எடுத்து வரவேண்டும். அதற்காகச் செயலி கட்டளைக் கேஷை ஒருமுறை தொடுகிறது. பிறகு `x10` சுட்டும் முகவரியில் உள்ள மதிப்பைப் படிக்கவேண்டும். அதற்காகத் தரவுக் கேஷை ஒருமுறை தொடுகிறது. ஆக, ஒரே கட்டளைக்கு இரண்டு வருகைகள். `add` வரிக்குக் கட்டளைக் கேஷ் மட்டும் போதும். அதற்கு வேண்டிய மதிப்புகள் பதிவகங்களிலேயே இருக்கின்றன.

எந்தக் கட்டளையானாலும் கட்டளைக் கேஷுக்கு ஒருமுறை போயாக வேண்டும். தரவுக் கேஷுக்கோ படிக்கும், எழுதும் கட்டளைகள் மட்டுமே போகின்றன. 1% என்பது எல்லாக் கட்டளைகளுக்கும் உரிய வீதம். 5% என்பது தரவைத் தொடும் அந்த 30%-க்குள் எடுத்த வீதம். இரண்டின் அடித்தளமும் வேறு என்பதால் அவற்றை நேராகக் கூட்ட முடியாது.

ஆயிரம் கட்டளைகளை எண்ணுங்கள்

வாய்பாட்டை மனப்பாடம் செய்வதைவிட 1000 கட்டளைகள் ஓடுவதாக நினைத்து எண்ணுவதையே நான் பரிந்துரைக்கிறேன். பின்னங்கள் மறைந்து முழு எண்கள் வந்துவிடும். பிழை தானாகவே கண்ணில் படும்.

தவறலே இல்லாவிட்டால் 1000 கட்டளைகளுக்கு 1200 சுழற்சிகள் ஆகும்.

கட்டளைக் கேஷுக்கு 1000 வருகைகள். அவற்றில் 1% தவறினால் 10 தவறல்கள். ஒவ்வொன்றுக்கும் 80 என்றால் 800 சுழற்சிகள் காத்திருப்பில் போகின்றன.

தரவுக் கேஷுக்கு 300 வருகைகள்தான். அவற்றில் 5% என்றால் 15 தவறல்கள். அதற்கு 1200 சுழற்சிகள்.

மொத்தம் 1200 + 800 + 1200 = 3200. ஆயிரத்தால் வகுத்தால் சிபிஐ 3.2. எண்ணி முடித்ததையே வாய்பாடாக எழுதினால் இப்படி வரும்:

```
CPI = CPI_base + (I_miss × penalty) + (mem_frac × D_miss × penalty)
    = 1.2 + (0.01 × 80) + (0.30 × 0.05 × 80)
    = 1.2 + 0.8 + 1.2
    = 3.2
```

கட்டளைக் கேஷுக்கான பகுதியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெருக்கல் இருக்கிறது: ஒரு கட்டளைக்கு ஒரு வருகை என்பதால் அந்த 1-ஐ எழுதாமல் விடுகிறோம். 30%-ஐ மறப்பவர்கள் தரவுக்கும் அதே 1-ஐ வைத்துவிடுகிறார்கள். 6.0 வருவதற்குக் காரணம் இதுதான்.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு கேஷ்களையும் சேர்த்து 1300 வருகைகளில் 25 தவறல்கள். அதாவது கூட்டுத் தவறல் வீதம் ஏறக்குறைய 1.92%. கட்டளைக்கு 1.3 வருகைகள், 1.3 × 0.0192 × 80 என்பது கிட்டத்தட்ட 2.0. மேலே கிடைத்த 0.8 + 1.2 அதுவேதான். கூட்டுத் தவறல் வீதம் எப்போதும் இரண்டு வீதங்களுக்கும் இடையில்தான் விழும். உங்களுக்கு 6% வந்தால், அது 5%-ஐயும் தாண்டி நிற்பதே பிழைக்குச் சாட்சி.

3.2 நமக்குச் சொல்வது என்ன?

3.2 சுழற்சிகளில் 2.0 வெறும் காத்திருப்பு. 62.5% நேரம் செயலி எதையும் முடிக்காமல் நினைவகத்தின் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அடிப்படை சிபிஐ 1.2 என்று விவரக்குறிப்பில் படித்துவிட்டு அந்த வேகத்தை எதிர்பார்ப்பவருக்கு அதில் சுமார் முப்பத்தெட்டு விழுக்காடுதான் கைக்குக் கிடைக்கிறது.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. கடிகார வேகத்தை இருமடங்காக்கினால் என்ன ஆகும்? முன்பு 1 கிகாஹெர்ட்ஸ் என்று கொள்வோம். ஒரு சுழற்சி 1 நானோவினாடி. தவறல் தண்டம் 80 நானோவினாடி. இப்போது 2 கிகாஹெர்ட்ஸ். ஒரு சுழற்சி 0.5 நானோவினாடியாகக் குறைகிறது. ஆனால் நினைவகம் அதே நினைவகம்தான். அதற்கு இன்னும் 80 நானோவினாடி வேண்டும். சுழற்சிக் கணக்கில் அது 160 ஆகிவிடுகிறது.

```
CPI = 1.2 + (0.01 × 160) + (0.30 × 0.05 × 160)
    = 1.2 + 1.6 + 2.4
    = 5.2
```

சிபிஐ ஏறியிருக்கிறதே என்று பதற வேண்டாம். வெவ்வேறு கடிகாரங்களின் சிபிஐயை நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது, நேரத்தை ஒப்பிடவேண்டும். முன்பு ஒரு கட்டளைக்கு 3.2 × 1 = 3.2 நானோவினாடி. இப்போது 5.2 × 0.5 = 2.6 நானோவினாடி. வேகம் 1.23 மடங்குதான் கூடியிருக்கிறது. இரண்டு மடங்கு கடிகாரத்துக்குக் கிடைத்த பலன் அவ்வளவே.

இனி கடிகாரத்தைத் தொடாமல், தரவுக் கேஷின் தவறல் வீதத்தை மட்டும் 5%-இலிருந்து 3%-ஆகக் குறைத்துப் பாருங்கள். தரவுப் பகுதி 0.30 × 0.03 × 80 = 0.72 ஆகும். சிபிஐ 2.72, வேகம் 1.18 மடங்கு. அணிகளைச் சுற்றிவரும் உள், வெளிச் சுற்றுகளின் வரிசையை மாற்றி, அடுத்தடுத்த முகவரிகளைப் படிக்கும்படி நிரலை எழுதினாலே இப்படிப்பட்ட குறைவு சில நேரங்களில் கிடைக்கும். கடிகாரத்தை இருமடங்காக்கியதற்கு மிக அருகில் வந்துவிட்டது பாருங்கள்.

உண்மையான கணினியில் அளந்து பார்ப்பது

லினக்ஸில் வன்பொருள் எண்ணிகளை இப்படிப் படிக்கலாம்:

```
perf stat -e cycles,instructions,L1-dcache-loads,L1-dcache-load-misses,L1-icache-load-misses ./prog
```

`cycles` எண்ணிக்கையை `instructions` எண்ணிக்கையால் வகுத்தால் சிபிஐ. திரையில் `insn per cycle` என்று வருவது அதன் தலைகீழ். அதையே சிபிஐ என்று எடுத்துக்கொள்வது புதியவர்களிடம் அடிக்கடி காணப்படும் தவறு. `L1-dcache-loads` படிப்புகளை மட்டும் எண்ணுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். எழுதுதல்கள் அதில் சேராது. மெய்நிகர்க் கணினிகளில் சில வரிகளுக்கு எதிரே `<not supported>` என்று வரலாம். அங்கே அந்த எண்ணியே கிடைக்கவில்லை என்று பொருள். தவறல் பூஜ்யம் என்று பொருளல்ல.

அளந்த சிபிஐ நம் வாய்பாடு தரும் விடையோடு பெரும்பாலும் ஒத்துப்போகாது. வாய்பாட்டுக்குப் பின்னால் ஒரு எளிய செயலி இருக்கிறது: தவறல் நேர்ந்தால் அது அப்படியே நின்று, தரவு வந்த பிறகே நகரும். இன்றைய பெரும்பாலான மேசைக்கணினிச் செயலிகள் அப்படி நிற்பதில்லை. காத்திருக்கும் கட்டளையைச் சாராத பிற கட்டளைகளை முன்னதாக இயக்கிவிடும். பல தவறல்களை ஒரே நேரத்தில் கையாளும். முதல் நிலைக் கேஷில் தவறியது இரண்டாம் நிலையில் கிடைத்துவிட்டால் தண்டமும் வெகுவாகக் குறையும். எல்லாத் தவறலுக்கும் ஒரே 80 என்பது ஒரு சராசரி மதிப்பே.

வேறுபாட்டின் அளவிலிருந்தும் செய்தி கிடைக்கும். நம் எடுத்துக்காட்டிலுள்ள அதே தவறல்கள், அதே அடிப்படை சிபிஐ கொண்ட ஒரு நிரலுக்கு `insn per cycle` 0.45 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 1 ÷ 0.45 = 2.22. அதிலிருந்து 1.2-ஐக் கழித்தால் காத்திருப்பு 1.02. வாய்பாடு 2.0 என்றது, பாதியளவு பிற வேலைகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. ஆயிரம் கட்டளைகளுக்கு 25 தவறல்கள் என்பதால் 1020 ÷ 25, அதாவது ஒரு தவறலுக்கு நாம் உண்மையில் கொடுத்த விலை சுமார் 41 சுழற்சிகள். நிரலை மாற்றி எழுதித் தவறல்களைக் குறைத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று மதிப்பிடும்போது 80-ஐ விட்டுவிட்டு இந்த 41-ஐப் பயன்படுத்துங்கள்.