மூன்று சமையலறைப் படங்களை ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

மாடுலர் கிச்சன் அமைத்துத் தரும் நிறுவனத்தார் ஒரே அறைக்கு இரண்டு மூன்று 3டி படங்களைக் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்பது இன்று வழக்கமாகிவிட்டது. படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கண்ணுக்கு நிறைவாகத் தெரிவதைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு. பிற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன. அடுக்குமாடி வீடுகளில் அடிக்கடி காணப்படும் அளவான 8 அடி அகலமும் 10 அடி நீளமும் கொண்ட ஓர் அறையை வைத்தே இதைப் பார்க்கலாம். 8 அடிச் சுவர் ஒன்றின் நடுவில் 3 அடி வாசல் இருக்கிறது; எதிர்ச் சுவரில் சன்னல் இருக்கிறது. இதற்கு எல் வடிவம், யூ வடிவம், இரு பக்க மேடை என மூன்று படங்கள் வந்திருப்பதாகக் கொள்வோம். மேடையின் ஆழம் எல்லாவற்றிலும் 2 அடி.

மூன்றில் எல் வடிவப் படம்தான் மிகவும் விசாலமாகத் தோன்றும். அந்த விசாலத்தில் ஒரு பகுதி அறைக்கு உரியதன்று, கேமராவுக்கு உரியது. வரைபவர் வாசல் பக்கச் சுவரை மென்பொருளில் மறைத்துவிட்டு, கேமராவை உணவறைக்குள் நிறுத்தி, அகலக்கோண லென்ஸில் படம் எடுத்திருப்பார். வாசலில் நிற்கும் மனிதருக்கு அந்தக் காட்சி ஒருபோதும் கிடைக்காது. ஆகவே மூன்று படங்களையும் வாசலிலிருந்து, 5 அடி உயரத்தில், ஒரே லென்ஸில் மீண்டும் எடுத்துத் தருமாறு கேட்க வேண்டும். கோப்பு தயாராக இருப்பதால் இது அவருக்குப் பெரிய வேலை அன்று. தரை ஓடுகளை எண்ணுவதும் ஒரு நல்ல சோதனை. 2 அடி ஓடு போடப்போகிறோம் என்றால், 4 அடி நடைவழியில் இரண்டு ஓடுகள்தான் அடங்க வேண்டும். படத்தில் மூன்று தெரிந்தால் ஓட்டின் அளவோ அறையின் அளவோ பொய்.

அடுத்ததாக, படத்தில் இல்லாதவற்றைத் தேட வேண்டும். சிம்னியின் குழாய் எந்த வழியாக வெளியேறுகிறது, மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் பிளக் எங்கே இருக்கிறது, தண்ணீர் சுத்திகரிப்பான் எந்தச் சுவரில் தொங்குகிறது, எரிவாயு சிலிண்டர் எங்கே நிற்கிறது என்பவை பெரும்பாலான படங்களில் விடுபட்டிருக்கும். இவற்றில் அதிகம் ஏமாற்றுவது ஃபிரிட்ஜ். படத்தில் அது மேடையின் விளிம்போடு சமமாக நிற்கும். ஆனால் வீட்டுக்கு வரும் ஃபிரிட்ஜ், பின்பக்கக் காற்று இடைவெளியையும் சேர்த்தால், ஏறக்குறைய 2½ அடி ஆழத்தை எடுத்துக்கொண்டு அரை அடி வெளியே துருத்தி நிற்கும்.

வேலை முக்கோணம் என்ற கணக்கு 1940களில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் உருவானது. அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் ஆகிய மூன்றின் முன்பக்க நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடிக்குள்ளும், மூன்றின் கூட்டுத்தொகை 26 அடிக்கு மிகாமலும் இருப்பது நல்லது என்பது அந்நாட்டுச் சமையலறை வடிவமைப்பாளர்களின் விதி. இங்கு பலர் செய்யும் தவறு, கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவது. நமது எல் வடிவப் படத்தில் சிங்க் சன்னலடியிலும், அடுப்பு இடப்பக்கச் சுவரிலும் இருக்கின்றன; இடம் விசாலமாகத் தெரிவதற்காக ஃபிரிட்ஜ் உணவறைக்குத் தள்ளப்பட்டு, வாசலிலிருந்து 3 அடி தள்ளி நிற்கிறது. சிங்கிலிருந்து அடுப்புக்கு 4 அடி. அடுப்பிலிருந்து வாசல் வழியாக ஃபிரிட்ஜுக்கு 8 அடி. ஃபிரிட்ஜிலிருந்து சிங்குக்கு 11 அடி. மொத்தம் 23 அடி என்பதால் விதிக்குள் அடங்கிவிட்டதாகத் தோன்றும். ஆனால் 11 அடிப் பக்கம் விதியை மீறுகிறது. காய்கறியை எடுத்துக் கழுவப் போகும் ஒவ்வொரு முறையும் அந்த நடைதான். சிலர் வரைபடத்தில் சுவரைத் துளைத்து நேர்கோடு போட்டு இதையும் குறைத்துக் காட்டுவர். நாம் சுவருக்குள் நடப்பதில்லை என்பதால் கோடு வாசலைச் சுற்றி வர வேண்டும்.

மற்ற இரண்டிலும் ஃபிரிட்ஜ் அறைக்குள்ளேயே, வாசலுக்கு இடப்பக்க மூலையில் நிற்கிறது. யூ வடிவத்தில் சிங்க் சன்னலடியிலும் அடுப்பு வலப்பக்கத்திலும் இருந்தால் முக்கோணம் சுமார் 15.3 அடி. இரு பக்க மேடையில் சிங்க் இடப்பக்கமும் அடுப்பு வலப்பக்கமும் அமைந்தால் சுமார் 15.1 அடி. நடையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. (மிக்ஸியும் கிரைண்டரும் நாள்தோறும் ஓடும் நம் வீடுகளில் அவற்றை நான்காவது புள்ளியாகக் குறித்துப் பார்ப்பதும் தவறில்லை.)

சேமிப்பிடத்தை ஒப்பிடும்போதுதான் மிகப் பெரிய தவறு நேர்கிறது. யூ வடிவப் படத்தில் மூன்று பக்கமும் அலமாரிகள் சூழ்ந்திருப்பதால் அதில்தான் இடம் அதிகம் என்று யாருக்கும் தோன்றும். சுவர் நீளத்தைக் கூட்டினாலும் அப்படித்தான்: ஃபிரிட்ஜுக்கு 3 அடி போக, யூ வடிவில் 25 அடி, இரு பக்க மேடையில் 17 அடி. ஆனால் பாத்திரம் எடுக்க நாம் திறப்பது சுவரை அன்று, முகப்பை. யூ வடிவின் இரண்டு மூலைகளிலும் மேடையின் ஆழம் இரு பக்க முகப்பையும் மறைத்துவிடுவதால், திறக்கக்கூடிய முகப்பு இடப்பக்கம் 5, சன்னலடியில் 4, வலப்பக்கம் 8 என மொத்தம் 17 அடிதான். மூலையே இல்லாத இரு பக்க மேடையிலும் அதே 17 அடி. இரண்டிலும் சிங்கின் கீழுள்ள 3 அடியையும் சிலிண்டருக்கான 1½ அடியையும் கழித்தால், மிஞ்சுவது 12½ அடி. எல் வடிவில் இதே கணக்கு 9½ அடியில் முடிகிறது.

யூ வடிவில் கூடுதலாகக் கிடைப்பவை, மண்டியிட்டுக் கையை நுழைத்தால் மட்டும் எட்டும் இரண்டு இருட்டு மூலைகளும், சன்னலடியில் சிறிது மேடைப்பரப்பும். மூலைக்கு இழுப்புத் தட்டுகள் பொருத்தலாம். அவற்றின் விலை அதிகம், அவை மூலை முழுவதையும் பயன்படுத்துவதும் இல்லை. சுவர் நீளத்தின்படி ரன்னிங் அடிக்கு விலை சொல்பவரிடம், மூலையை ஒரு முறை கணக்கிட்டாரா இரு முறையா என்று கேட்டுவிடுவது நல்லது. காய் நறுக்க வெளிச்சமான, அகன்ற மேடைதான் முதன்மை என்று கருதும் குடும்பம் யூ வடிவைத் தேர்வதில் பிழை இல்லை. சேமிப்பிடத்துக்காக அதைத் தேர்வதுதான் பிழை.

என் தேர்வு, மூன்று படங்களில் மிகவும் மங்கலாகத் தோன்றும் இரு பக்க மேடைதான். அதற்கும் ஒரு சிக்கல் உண்டு. ஃபிரிட்ஜ் துருத்திய இடத்தில் 4 அடி நடைவழி 3½ அடியாகச் சுருங்கும். ஒருவர் சமைக்க அது போதும், கதவு திறந்திருக்கும் நேரத்தில் இன்னொருவர் கடந்து போக முடியாது. மேலும் ஃபிரிட்ஜ் சுவரை ஒட்டி நின்றால் கதவு முழுமையாகத் திறக்காமல் உள்ளிருக்கும் காய்கறித் தட்டு இடிக்கும். எனவே வாங்கப்போகும் மாடலின் கையேட்டில் கேட்கப்படும் பக்கவாட்டு இடைவெளியை வரைபடத்தில் முன்கூட்டியே ஒதுக்கச் சொல்ல வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சாக்கட்டியோடு அந்த அறைக்குப் போய், மேடைகளையும் ஃபிரிட்ஜையும் திறந்த கதவின் வளைவையும் தரையில் உண்மை அளவில் வரைந்து, கையில் ஒரு பெரிய இட்லிப் பாத்திரத்தோடு நடந்து பார்க்க அரைமணி நேரம் போதும்.